கல்யாணப் பொண்ணு மேக்கப்: பேக்கேஜா, தனித்தனி ரேட்டா? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பார்லரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ரேட் கார்டு அடித்ததும் நான்தான், போனில் பேக்கேஜ் விளக்கியதும் நான்தான். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனால் தை பிறந்தால் சொந்தக்காரர்கள் கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது சரியான்னு பாரு" என்று கேட்பது நிற்கவில்லை. அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே. எண்கள் பெரும்பாலும் போன வருஷம் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கொட்டேஷனில் இருந்தவை. உங்கள் பார்லரில் எண்கள் மாறும், கழிக்கும் முறை மாறாது.

தனித்தனியா எடுத்தா 50,700 ஆகுமாம், பேக்கேஜ்னா 42,000தானாம். 8,700 ரூபாய் மிச்சம்னு சொல்றாங்க. நிஜமா?

கூட்டல் சரிதான். ஆனால் அது அவர்கள் கொடுக்கும் பட்டியலின் கூட்டல், உங்களுக்கு வேண்டிய பட்டியலின் கூட்டல் இல்லை.

அக்கா மகளுக்கு வந்த பேக்கேஜில் இருந்தவை இவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இரண்டு மேக்கப், சேர்த்து 30,000. இரண்டு தடவை ஃபேஷியல், ப்ளீச், ஹேர் ஸ்பா 8,000. வேக்ஸிங், பெடிக்யூர், புருவம் 3,700. இரண்டு கைக்கும் மருதாணி 4,000. புடவையை முன்கூட்டி மடிப்பு எடுத்து அயர்ன் பண்ணி வைப்பது 1,000. நகை செட் வாடகை 4,000. ஆக மொத்தம் 50,700.

பொண்ணு சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வருவதே கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால். இரண்டு ஃபேஷியலுக்கும் நடுவில் குறைந்தது மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும், இவள் அதற்காகக் காரைக்குடி வரப்போவதில்லை. வழக்கமாகப் போகும் இடத்தில் சென்னையிலேயே ஒன்று பண்ணிக்கொள்வாள். அதனால் அந்த 8,000 நமக்கு உதவாது. நகை? ஆத்தாவுடையதும் அப்பத்தாவுடையதும் லாக்கரில் இருக்கும்போது வாடகைக்குக் கல் செட் எதற்கு? அந்த 4,000மும் போச்சு.

50,700இல் 12,000 கழித்தால் 38,700. அதாவது வேண்டியதை மட்டும் தனித்தனியாக எடுத்தால் பேக்கேஜைவிட 3,300 குறைவு. மிச்சம் என்று சொன்னது எதிர்ப்பக்கமாகப் போய்விட்டது.

ரேட் கார்டு அடித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஃபேஷியல், ஸ்பா, நகை வாடகை மூன்றும் பார்லருக்குச் செலவு குறைவாகவும் கார்டில் விலை அதிகமாகவும் தெரியும் ஐட்டங்கள். ஃபேஷியலை உதவிக்கு இருக்கும் பெண் கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் பண்ணிவிடுவாள். நகை செட் ஒரு தடவை வாங்கினால் முப்பது பொண்ணுக்குப் போகும். பேக்கேஜை 'நிறைய' என்று காட்ட இவைதான் கை கொடுக்கும். உண்மையில் விலை உள்ள சரக்கு, கை தேர்ந்த ஆர்ட்டிஸ்ட்டின் முகூர்த்த நாள் நேரம் ஒன்றுதான்.

அப்போ பேக்கேஜே வேண்டாமா?

அப்படி இல்லை. பேக்கேஜில் குறைக்கச் சொன்னால் பார்லர்காரர்கள் இறங்க மாட்டார்கள், மாற்றிக் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். "நகை வாடகையும் ஃபேஷியல், ஸ்பாவும் வேண்டாம். அதுக்குப் பதிலா அக்காவுக்கு லேசான மேக்கப்பும் புடவைக்கட்டும், பொண்ணோட தங்கச்சிக்கு ஒரு மேக்கப்பும் போட்டுக் கொடுங்க" என்று கேட்டோம். கார்டுப்படி அக்காவுக்கு 5,000, தங்கைக்கு 4,000. 12,000 பெறுமான வேலையைக் கழித்துவிட்டு 9,000 பெறுமானம் கேட்டதால் அவர்களுக்கும் மறுக்க இடம் இல்லை. 47,700 ரூபாய் வேலை 42,000க்கு வந்தது. இந்த 5,700 கையில் நின்ற மிச்சம், ஏனென்றால் எல்லாமே நாங்கள் எப்படியும் காசு கொடுத்துச் செய்திருக்க வேண்டியவை.

பொண்ணு காரைக்குடி, தேவகோட்டையிலேயே இருக்கிறாள், இரண்டு மாதமாகப் பார்லருக்கு வந்து போக முடியும் என்றால் கணக்கு வேறு. அவளுக்கு மாற்றாமலேயே பேக்கேஜ் கட்டுப்படியாகலாம்.

முகூர்த்த மேக்கப் 18,000ன்னா அதுக்குள்ள எல்லாம் வந்துருமா?

இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் கடைசியில் பில்லைப் பார்த்து முழிப்பவர்கள். மேக்கப், தலை அலங்காரம், ஒரு புடவைக்கட்டு, இந்த மூன்றும் வழக்கமாக உள்ளே வரும். ஒட்டு இமை சில இடங்களில் உள்ளே, சில இடங்களில் வெளியே. கண்ணுக்கு லென்ஸ், சவரி, நகத்துக்கு ஒட்டுவது எல்லாம் அநேகமாக வெளியே. பூ எப்போதுமே வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், எந்தப் பார்லரும் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளாது. ஜடைக்குத் தைத்த பூ அலங்காரம் வேண்டுமென்றால் பூக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுவது மலிவு.

இரண்டு கேள்வி மட்டும் தவறாமல் கேளுங்கள். ஒன்று, இரண்டாவது புடவை மாற்றும்போது யார் கட்டிவிடுவார்கள், அதற்கு எவ்வளவு? இன்னொன்று, மேக்கப் முடிந்ததும் கிளம்பிவிடுவார்களா, தாலி கட்டும் திருப்பூட்டு முடியும்வரை இருந்து டச்-அப் செய்வார்களா? இருந்தால் மணிக்கணக்கில் தனிக் காசு கேட்பவர்கள் உண்டு.

நகரத்தார் வீட்டுக் கல்யாணம் என்றால் கழுத்துரு என்ற பெரிய தாலி பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியூர் ஆர்ட்டிஸ்ட்டுக்குத் தெரியாது. பின்கழுத்தை மூடி கொண்டை போட்டு, சவரியையும் பூவையும் தோள்வரை இறக்கிவிட்டால் முடிச்சுப் போடும் நேரத்தில் நாலு பேர் சேர்ந்து பூவைப் பிய்க்க வேண்டி வரும். அப்போது தலையைச் சரிசெய்ய அவர் அங்கே இருக்கிறாரா என்பதுதான் மேலே கேட்ட இரண்டாவது கேள்வி.

ட்ரையலுக்குத் தனியா 3,000 கேக்குறாங்க. அதைக் கொடுக்கணுமா? கடையில புடவையைப் போட்டுப் பார்க்கக் காசா கேக்குறாங்க?

புடவையைப் போட்டுப் பார்த்தால் திரும்ப மடித்து வைக்கலாம். மேக்கப் ட்ரையல் என்றால் இரண்டு மணி நேரமும் சரக்கும் போனதுதான், அதனால் காசு கேட்பதில் தப்பில்லை. கேட்க வேண்டியது, "புக் பண்ணினா கழிச்சுக்குவீங்களா?" என்பது. மூன்று விதமாகப் பதில் வரும். சிலர் முழுவதும் கழிப்பார்கள். சிலர் ட்ரையலையும் பேக்கேஜில் 'இலவசம்' என்று போட்டிருப்பார்கள். சிலர் கழிக்கவே மாட்டார்கள்.

இலவசம் என்றால்தான் நான் உஷாராவேன். பாதி முகத்துக்கு மட்டும் போட்டுக் காட்டுவது, தலை அலங்காரம் இல்லாமல் முடிப்பது, அல்லது முழு அட்வான்ஸ் கட்டியபிறகே ட்ரையல் என்பது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அட்வான்ஸ் கட்டியபிறகு பார்க்கும் ட்ரையல் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? 3,000 கொடுத்துப் பார்த்து, பிடிக்காமல் வெளியே வந்தால், 42,000 தப்பான கையில் போகாமல் தப்பித்தது என்று அர்த்தம்.

இரண்டு ஆர்ட்டிஸ்ட்டுகளை ஒப்பிடும்போது ட்ரையல் காசையும் சேர்த்தே கூட்டுங்கள். 40,000உம் கழிக்காத 3,000 ட்ரையலும் 43,000தான்.

ட்ரையல்ல என்ன பார்க்கணும்? கண்ணாடியில நல்லாத்தானே தெரியுது?

பார்லர் கண்ணாடியில் எல்லோரும் நன்றாகத்தான் தெரிவார்கள். சுற்றி விளக்கு போட்டிருப்பதே அதற்காகத்தான்.

நம் ஊர் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். பொண்ணை ஒரு உள்ளறையில் உட்கார வைப்பார்கள். ஜன்னல் சின்னது, பல்பு மஞ்சள். அந்த வெளிச்சத்தில் தோல் மஞ்சளாகத் தெரிவதால் ஆர்ட்டிஸ்ட் கை தானாக வெளிறிய பக்கம் போகும். மேக்கப் முடிந்து கதவைத் தாண்டி வளவுக்கு வந்தால், மேலே திறந்த முற்றத்திலிருந்து விடிகாலை வெளிச்சம் நேராக முகத்தில் விழும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், காது இன்னொரு நிறம். அக்கா மகளின் முதல் ட்ரையலில் இதேதான். பார்லரில் பார்த்து "சூப்பர்" என்றவள், எங்கள் வீட்டு முற்றத்தில் கால் வைத்ததும் செல்ஃபி கேமராவைப் பார்த்துவிட்டு, "சித்தி, மாவு பூசின மாதிரி இருக்கு" என்றாள். ஆர்ட்டிஸ்ட்டிடம் அந்தப் படத்தை அனுப்பினோம். அவர் ஒரு ஷேட் இறக்கி, கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்துப் போட்டுக் காட்டினார். அதற்குத்தான் ட்ரையல்.

அதனால் ட்ரையல் முடிந்ததும் முகம் கழுவாதீர்கள். வெளியே வெயிலில் ஒரு படம், இருட்டறையில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். சில பவுடர்களும் சன்ஸ்கிரீனும் ஃப்ளாஷில் வெள்ளையாகத் திருப்பி அடிக்கும், நேரில் தெரியாது. அப்புறம் ஐந்து மணி நேரம் கழித்து மூக்கோரம், வாயோரம், கண்ணுக்குக் கீழே பாருங்கள். கோடு விழுந்திருந்தால் கல்யாணத்தன்று பந்தி நேரத்தில் முகம் அப்படித்தான் இருக்கும். ஏசி அறையிலேயே உட்கார்ந்து அந்த ஐந்து மணி நேரத்தைக் கழித்தால் ஒன்றும் தெரியாது, வைகாசி வளவில் ஏசி கிடையாது.

ஏர்பிரஷ் என்று கூடுதலாக 5,000 கேட்டால், ட்ரையலையும் ஏர்பிரஷிலேயே போடச் சொல்லுங்கள். கையால் போட்டுக் காட்டிவிட்டு, அன்றைக்கு மெஷினில் அடிப்பேன் என்றால் அது ட்ரையலே இல்லை.

பொண்ணு சிங்கப்பூர்ல இருக்கா. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடிதான் வர்றா. ட்ரையலுக்கு என்ன பண்றது?

புடவை எடுக்க ஒரு நடை வருவாள் இல்லையா, அந்தப் பயணத்தில் அரை நாள் ஒதுக்குங்கள். அதுவும் முடியாது என்றால் வந்த மறுநாளே ட்ரையல். அதற்கு மேல் தள்ளாதீர்கள். சரக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் சிவப்பும் அரிப்பும் தெரிய இரண்டு நாள்கூட ஆகலாம். முந்தின நாள் போட்டுப் பார்த்தால் கல்யாணத்தன்று காலையில்தான் முகம் வீங்கும். குறிப்பாக இமை ஒட்டும் பசையையும், தலைக்கு டை அடிப்பதாக இருந்தால் அதையும் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ துளி தடவி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடியோ காலில் பேசுவது சிகை, நகை முடிவு பண்ண உதவும். நிறம் முடிவு பண்ண உதவாது.

எங்க ஊர் கானாடுகாத்தான் பக்கம். காரைக்குடியிலேருந்து 15 கிலோமீட்டர்தான். அதுக்குப் போய் 6,000 ரூபாய் டிராவல் சார்ஜா?

தூரத்துக்கு வாங்கும் காசு இல்லை அது, ராத்திரிக்கு வாங்கும் காசு. மணியைப் பாருங்கள். முகூர்த்தம் 6 மணியிலிருந்து 7.30 என்றால் பொண்ணு 5.15க்குத் தயாராக இருக்க வேண்டும். மேக்கப்பும் தலையும் இரண்டரை மணி நேரம், புடவையும் நகையும் அரை மணி நேரம். ஆக 2.15க்கு ஆரம்பிக்க வேண்டும். ஆர்ட்டிஸ்ட் காரைக்குடியில் 1.30க்குக் கார் ஏற வேண்டும். முந்தின நாள் சாயங்கால மேக்கப்புக்கு மத்தியானமே வந்து, ராத்திரி 8 மணிக்குத் திரும்பியிருப்பார். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு தடவை போய்வருகிறார், அதில் ஒன்று நடு ராத்திரியில்.

எங்களுக்கு அடி விழுந்தது இங்கேதான். கொட்டேஷனில் 'டிராவல் 2,500' என்று ஒற்றை வரி. நாங்கள் கல்யாணத்துக்கு 2,500 என்று படித்தோம். அவர்கள் எழுதியது ஒரு நடைக்கு 2,500. கடைசி பில்லில் இரண்டு நடைக்கு 5,000, அதோடு நடு ராத்திரிக்கு 1,500 சேர்ந்திருந்தது. சண்டை போட நேரம் இல்லை, அத்தான் எடுத்துக் கொடுத்துவிட்டார். தப்பு யாருடையது என்று கேட்டால், அந்த ஒற்றை வரியைக் கேள்வி கேட்காமல் விட்ட எனக்கும் பங்கு உண்டு.

தங்க இடம் கொடுத்தால் ஒரு நடை மிச்சம். செட்டிநாட்டு வீட்டில் அறைக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் ஆர்ட்டிஸ்ட்டும் உதவிப் பெண்ணும் தூங்க, உள்ளே தாழ்ப்பாள் போடும் அறை வேண்டும், பக்கத்தில் குளியலறை வேண்டும், ராத்திரிச் சாப்பாடு சொல்லி வைக்க வேண்டும். பழைய வீடுகளில் பிளக் பாயின்ட் அறைக்கு ஒன்று இருந்தாலே அதிகம். ரிங் லைட், ஹேர் டிரையர், முடி சுருட்டும் மெஷின் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கினால் ஃப்யூஸ் போகும். பந்தல் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த அறைக்குத் தனியாக ஒரு லைன் இழுத்து, இரண்டு வெள்ளை எல்இடி பல்பும் போடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை.

சொந்தக் கார் அனுப்புகிறோம் என்று சொல்லி டிராவலைக் கழிக்கச் சொல்லலாம். ஆனால் அதிகாலை 1.30க்கு வண்டி எடுக்கப்போவது யார், பெயர் சொல்லி முடிவு பண்ணிவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

சென்னையிலேருந்து பெரிய ஆர்ட்டிஸ்ட்டைக் கூட்டி வந்தா என்ன ஆகும்?

மேக்கப் ரேட்டை விட்டுவிட்டு வழியைக் கணக்குப் போடுங்கள். சாலையில் 400 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பேர் வருவார்கள். ரயில் என்றால் பல்லவனில் காரைக்குடி வரலாம். விமானம் என்றால் திருச்சி அல்லது மதுரை, இரண்டுமே காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், அதனால் போக வரக் காரும் சேரும். அதற்கு மேல் இரண்டு ராத்திரி தங்கல், அதுவும் காரைக்குடி லாட்ஜெல்லாம் விருந்தாளிகளுக்கே பத்தாத முகூர்த்த நாளில்.

டிக்கெட்டைவிடப் பெரியது, அவர் இழக்கும் நாள். வரும் நாளும் போகும் நாளும் சென்னையில் அவரால் வேறு கல்யாணம் எடுக்க முடியாது. அதனால்தான் பலர் குறைந்தது இரண்டு மேக்கப் எடுத்தால்தான் வெளியூர் வருவேன் என்பார்கள். சாயங்காலத்துக்கும் காலைக்கும் அவரையே வைத்துக்கொண்டால் இந்தச் செலவு இரண்டாகப் பிரியும். காலைக்கு மட்டும் அவர், சாயங்காலத்துக்கு உள்ளூர் என்று பிரித்தால் மொத்தச் செலவும் ஒரே மேக்கப் தலையில் விழும்.

மதுரை, திருச்சி ஆர்ட்டிஸ்ட்டுகள் நடுவில் ஒரு நல்ல வழி. காரில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள், ஒரு ராத்திரி தங்கினால் போதும்.

ஆத்தா, சின்னத்தா, நாத்தனார்னு ஏழெட்டுப் பேர் இருக்கோம். ஆளுக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாமா?

ரேட்டுக்கு முன்னால் கை எத்தனை என்று கேளுங்கள். லேசான மேக்கப்பும் புடவைக்கட்டும் ஆளுக்கு முக்கால் மணி நேரம். ஏழு பேருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல், எல்லோருக்கும் 5 மணிக்கே முடிய வேண்டும். ஒற்றை உதவிப் பெண்ணால் ஆகாத காரியம். நான் பார்லரில் இருந்தபோது ஒரு வீட்டில் பொண்ணோட ஆத்தாவே கடைசி ஆளாகப் போய், ஒரு பக்கம் கொசுவத்தோடு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க ஓடினார். பெரியவர்களுக்குப் புடவைக்கட்டு மட்டும் சொல்லுங்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம்தான். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

பில்லில் ஜிஎஸ்டி போடுவாங்களா?

2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலைய சேவைகளுக்கு 18 சதவீதம் இருந்தது 5 சதவீதமாகிவிட்டது. பழைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு 18 போட்டால் திருப்பிக் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் அதை வசூலிக்கவே கூடாது. தனியாக மேக்கப் செய்பவர்கள் பலர் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் மொத்த வரவு உள்ளவர்கள், பதிவு கட்டாயம் இல்லை. வரி கேட்டால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள், தமிழ்நாடு என்றால் 33 என்று ஆரம்பிக்கும். ஒப்பிடும்போது ஒருவர் விலை வரியோடும் இன்னொருவர் விலை வரியில்லாமலும் இருக்கலாம், 42,000க்கு 5 சதவீதம் 2,100 ரூபாய்.

அட்வான்ஸ் கொடுக்குறப்போ என்ன எழுதி வாங்கணும்?

பத்திரம் எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போதும். நான் அனுப்பச் சொல்வது இதுதான்:

"ஆச்சி, வணக்கம். தேதி இது, முகூர்த்தம் 6 – 7.30, இடம் இந்த ஊர். நீங்களே நேரில் வந்து மேக்கப் செய்கிறீர்கள். சாயங்காலம் ஒன்று, காலை ஒன்று, இரண்டாவது புடவைக்கட்டும் உண்டு. திருப்பூட்டு முடியும்வரை இருப்பீர்கள். டிராவல் எத்தனை நடைக்கும் சேர்த்து மொத்தம் இவ்வளவு, ராத்திரிக்குத் தனியாக இல்லை. ட்ரையல் தொகை கழிக்கப்படும். மொத்தம் இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு. தேதி மாறினால் அட்வான்ஸ் அடுத்த தேதிக்குச் செல்லும். சரியா?"

இதில் 'நீங்களே' என்ற வார்த்தையை எடுத்துவிடாதீர்கள். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் எடுத்துவிட்டு, ஒன்றுக்குத் தானும் மற்றதுக்கு உதவிப் பெண்களையும் அனுப்புகிற பழக்கம் பார்லர்களில் உண்டு, நானே அப்படிப் போயிருக்கிறேன். அட்வான்ஸ் பாதிக்கு மேல் வேண்டாம். பாக்கியை மேக்கப் முடிந்து, புடவை மாற்றியும் முடிந்தபிறகு கொடுங்கள். காசை யார் கையில் வைத்திருப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கவர் அத்தான் சட்டைப் பையில் இருந்தது, அத்தான் பந்தியில் இருந்தார், ஆர்ட்டிஸ்ட் வாசலில் கார் ஸ்டார்ட் பண்ணிக் காத்திருந்தார்.